2, 3, 7-இன் மடக்கை மட்டும் தெரிந்தால் மற்ற எண்களுக்கு என்ன செய்வது?

கேள்வி: log 2, log 3, log 7 மூன்றும் மனப்பாடமாகத் தெரியும். 6, 14, 35 மாதிரி எண்களுக்கு அதை வைத்துக் கூட்டிக் கழித்துப் போட்டுவிடுகிறேன். ஆனால் 583 மாதிரி ஏதோ ஓர் எண், இல்லை 11, 13 போன்ற பகா எண் வந்தால் மாட்டிக்கொள்கிறேன். கால்குலேட்டரோ மடக்கை அட்டவணையோ இல்லாமல் நான்கு தசம இடம் வரைக்கும் சரியாகக் கணக்கிட வழி இருக்கிறதா?

இருக்கிறது. ஆனால் அந்த மூன்றோடு நான்காவதாக ஓர் எண்ணும் வேண்டும்: 0.4343. அது ஏன், எங்கிருந்து வருகிறது என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில் நீங்கள் கேட்ட 583-ஐயே போட்டுப் பார்த்துவிடலாம்.

583-ஐக் காரணிப்படுத்தினால் 11 × 53. இரண்டுமே நம்மிடம் இல்லாத பகா எண்கள், எனவே அந்த வழி அடைபட்டுவிட்டது. அதனால் 583-ஐ விட்டுவிட்டு, அதற்குப் பக்கத்தில் 2, 3, 5, 7 மட்டுமே காரணிகளாக உள்ள ஓர் எண்ணைத் தேடுகிறோம். (5 எப்போதும் நம் கையில் இருக்கிறது: 10-ஐ 2-ஆல் வகுத்தது, ஆகவே log 5 = 1 − 0.30103 = 0.69897.) யாருக்கும் உடனே கண்ணில் படுவது 600.

log 600 = log 2 + log 3 + 2 = 0.30103 + 0.47712 + 2 = 2.77815

இப்போது 600-லிருந்து 583-க்கு இறங்க வேண்டும். வித்தியாசம் 17. இரண்டு எண்களின் சராசரி 591.5. வித்தியாசத்தைச் சராசரியால் வகுத்து 0.4343-ஆல் பெருக்குங்கள்:

17 ÷ 591.5 = 0.02874
0.02874 × 0.4343 = 0.01248

இறங்குவதால் கழிக்கிறோம்: 2.77815 − 0.01248 = 2.76567.

log 583-இன் உண்மையான மதிப்பு 2.76567தான். ஐந்து தசம இடம் சரியாக வந்துவிட்டது, அதுவும் கிட்டத்தட்ட மூன்று சதவீதம் தள்ளியிருந்த ஓர் எண்ணிலிருந்து. அவ்வளவுதான் முறை. இனி ஒவ்வொரு படியும் ஏன் அப்படி இருக்கிறது, எங்கே சறுக்கும் என்று பார்க்கலாம்.

முதலில் அந்த 0.4343. ஓர் எண் ஒரு சதவீதம் கூடினால் அதன் மடக்கை எவ்வளவு கூடும்? 0.01 என்று நினைக்கத் தோன்றும். e-ஐ அடிமானமாகக் கொண்ட இயல் மடக்கையாக இருந்தால் அது ஏறக்குறைய சரி. நாம் பயன்படுத்துவது 10 அடிமானம். இயல் மடக்கையில் 10-இன் மதிப்பு 2.302585, பத்தடிமானத்துக்கு மாற்ற எல்லாவற்றையும் அதனால் வகுக்க வேண்டும். 1 ÷ 2.302585 = 0.4342945. ஆகவே ஒரு சதவீதத்துக்கு மடக்கை சுமார் 0.0043 நகரும். எண் 5 ஆக இருந்தாலும் 5 லட்சமாக இருந்தாலும் இதுதான். மடக்கை கவனிப்பது விகிதத்தை மட்டுமே.

இந்த எண் மறந்துபோனால் பதற வேண்டாம், உங்களுக்குத் தெரிந்த மதிப்புகளே அதைத் தந்துவிடும். 49-உம் 50-உம் பக்கத்துப் பக்கத்து எண்கள். இரண்டின் மடக்கையும் நமக்குத் தெரியும்: log 49 = 2 × 0.845098 = 1.690196, log 50 = 1.69897. வித்தியாசம் 0.008774. இதைச் சராசரி 49.5-ஆல் பெருக்கினால் 0.43431. தேவையான நான்கு இலக்கமும் வந்துவிட்டது.

0.4343-ஆல் மனக்கணக்காகப் பெருக்குவதற்கு ஒரு குறுக்குவழி உண்டு. 0.43-ஐ 1.01-ஆல் பெருக்கினால் துல்லியமாக 0.4343. அதாவது 43-ஆல் பெருக்கி, வந்த விடையோடு அதன் நூற்றில் ஒரு பங்கைச் சேர்த்தால் போதும். மேலே 2874 × 43 = 123582; அதோடு 1236 சேர்த்தால் 124818. தசமப்புள்ளியை மட்டும் கவனமாக வையுங்கள்: 0.012482. பெருக்குவதற்கு முன்பே விடை எந்த அளவில் இருக்கும் என்று ஊகித்துக்கொள்வது நல்லது. மூன்று சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவு, சதவீதத்துக்கு 0.0043, ஆகவே 0.0125-க்குப் பக்கத்தில் வர வேண்டும். 0.12 என்றோ 0.0012 என்றோ வந்தால் புள்ளி இடம் மாறிவிட்டது என்று அர்த்தம்.

சரி, ஏன் சராசரியால் வகுக்கிறோம்? இந்த முறையைச் சொல்லித் தருபவர்கள் பெரும்பாலும் தொடங்கும் எண்ணால் வகுக்கச் சொல்வார்கள். 600-லிருந்து 17 குறைகிறது, ஆகவே 17 ÷ 600. அதுவும் தவறில்லை, ஆனால் அதன் துல்லியம் சீக்கிரமே தீர்ந்துவிடும். அதற்கும் சராசரி முறைக்கும் எவ்வளவு வேறுபாடு என்பதை 53-ஐ வைத்துப் பார்ப்போம். பக்கத்தில் 50 இருக்கிறது, log 50 = 1.69897.

50-ஆல் வகுத்தால்: 3 ÷ 50 = 0.06; × 0.4343 = 0.02606, விடை 1.72503.
சராசரியால் வகுத்தால்: 3 ÷ 51.5 = 0.05825, × 0.4343 = 0.02530, விடை 1.72427.

உண்மை மதிப்பு 1.72428. முதல் விடை மூன்றாவது தசமத்திலேயே தப்பு. இரண்டாவது ஐந்தாவது இடத்தில் ஒன்றுதான் தள்ளியிருக்கிறது. கூடுதலாகச் செய்த வேலை 50-க்குப் பதில் 51.5-ஆல் வகுத்தது மட்டுமே.

காரணம் இதுதான். 50-லிருந்து 53 வரை நடந்துபோகும்போது மடக்கை ஏறும் வேகம் ஒரே மாதிரி இருப்பதில்லை. 50-இல் அந்த வேகம் 0.4343/50, 53-இல் 0.4343/53. எண் பெரிதாக ஆக வேகம் குறைந்துகொண்டே வருகிறது. தொடக்கத்தில் இருந்த வேகத்தையே கடைசி வரை வைத்துக் கணக்கிட்டால் அதிகமாகக் காட்டத்தான் செய்யும். நடுவழியில் உள்ள வேகத்தை எடுத்தால், முதல் பாதியில் விட்டதும் இரண்டாம் பாதியில் கூடியதும் ஏறக்குறைய ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும். முழுக்க ஈடுகட்டாது; கொஞ்சமே கொஞ்சம் குறைவாகத்தான் வரும். அந்த மிச்சப் பிழைக்கு ஒரு சூத்திரம் உண்டு. வித்தியாசத்தைச் சராசரியால் வகுத்து வந்த விகிதம் r என்றால், பிழை சுமார் 0.4343 × r³ ÷ 12. பிழை r-இன் மும்மடியைப் பொறுத்திருப்பதுதான் இங்கே நமக்குக் கிடைக்கும் லாபம். 10% தள்ளியிருந்தால் பிழை 0.00004-க்கும் குறைவு. 5% என்றால் 0.000005. 1% என்றால் எட்டாவது தசம இடத்துக்குப் போய்விடும், அதைக் காகிதத்தில் கவனிக்கவே முடியாது. தொடங்கும் எண்ணால் வகுத்தால் பிழை r-இன் இருமடியைப் பொறுத்தது, 10%-க்கு 0.002 வரை போகும்.

இதிலிருந்து நடைமுறைக்கு வரும் விஷயம் ஒன்று இருக்கிறது. நான்கு தசம இடம்தான் வேண்டும் என்றால், மிக நெருங்கிய எண்ணைத் தேடி அலைய வேண்டியதில்லை. 10-க்கும் 100-க்கும் நடுவே 2, 3, 5, 7 மட்டுமே காரணிகளாக உள்ள எண்கள் 12, 14, 15, 16, 18, 20, 21, 24, 25, 27, 28, 30 என்று நெருக்கமாகவே வருகின்றன. விகிதத்தில் பார்த்தால் அவற்றில் மிகப் பெரிய இடைவெளி 10-க்கும் 12-க்கும் நடுவில்தான். அதன் நட்ட நடுவில் இருக்கும் 11-ஐ 10-லிருந்து கணக்கிட்டால்கூட 1 + 0.4343 ÷ 10.5 = 1.04136. உண்மை 1.04139. மோசமான இடத்திலேயே பிழை 0.00003தான். எனவே எந்த எண்ணைக் கொடுத்தாலும், தசமப்புள்ளியை நகர்த்தி 10-க்கும் 100-க்கும் நடுவே கொண்டுவந்து, கண்ணில் முதலில் படும் நல்ல எண்ணைப் பிடித்துக்கொண்டு சராசரியால் வகுத்தால் வேலை முடிந்தது. தேடுவதில் செலவாகும் நேரத்தை வகுத்தலைச் சரியாகச் செய்வதில் செலவிடுவதே மேல் என்பது என் கருத்து.

நெருங்கிய எண் கிடைத்தால் அதை வேறொரு காரியத்துக்குப் பயன்படுத்தலாம்: சரிபார்ப்பதற்கு. 583-க்கு மேலே 600-ஐ எடுத்தோம். கீழே 576 இருக்கிறது, அது 24-இன் வர்க்கம், அதாவது 2-இன் ஆறாம் அடுக்கை 9-ஆல் பெருக்கியது.

log 576 = 6 × 0.30103 + 2 × 0.47712 = 1.80618 + 0.95424 = 2.76042
7 ÷ 579.5 = 0.01208, × 0.4343 = 0.00525
2.76042 + 0.00525 = 2.76567

மேலிருந்து இறங்கி வந்ததும் கீழிருந்து ஏறி வந்ததும் ஒரே இடத்தில் சந்திக்கின்றன. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் எங்கோ தவறு இருக்கிறது. பெரும்பாலும் கூட்ட வேண்டிய இடத்தில் கழித்திருப்போம், அல்லது காரணிப்படுத்துவதில் ஒரு 2-ஐத் தவறவிட்டிருப்போம். ஒரு 2 தவறினால் விடைகள் 0.301 வித்தியாசப்படும், ஒரு 3 தவறினால் 0.477. வித்தியாசத்தின் அளவைப் பார்த்தே எது தவறியது என்று சொல்லிவிடலாம். குறி மாறியிருந்தால் வித்தியாசம் திருத்தத்தின் இருமடங்காக இருக்கும்.

அப்புறம், பலர் செய்யும் ஒரு காரியத்தைச் சொல்லியாக வேண்டும். தெரிந்த இரண்டு மடக்கைகளுக்கு நடுவில் உள்ள எண்ணுக்கு, அந்த இரண்டு மடக்கைகளின் நடுமதிப்பை எடுப்பது. log 2 = 0.30103, log 3 = 0.47712, ஆகவே log 2.5 என்பது 0.38908 என்று. உண்மையில் log 2.5 = 1 − 2 × 0.30103 = 0.39794. கிட்டத்தட்ட 0.009 குறைவு. மடக்கைக் கோடு வளைந்து செல்வது. அதன் மேல் இரண்டு புள்ளிகளை நேர்கோட்டால் இணைத்தால் அந்தக் கோடு எப்போதும் வளைவுக்குக் கீழேதான் ஓடும். அட்டவணையில் பக்கத்துப் பக்கத்து வரிசைகளுக்கு நடுவே இப்படிச் செய்யலாம், அங்கே இடைவெளி சிறியது. 2-க்கும் 3-க்கும் நடுவே செய்யக் கூடாது.

இனி பகா எண்கள். 11, 13, 17 போன்றவற்றை ஒருமுறை நன்றாகக் கணக்கிட்டு வைத்துக்கொண்டால் பிறகு 583 மாதிரி எண்களை நேராகவே போட்டுவிடலாம். இங்கே நான்கு இடம் போதாது. பின்னால் மற்ற கணக்குகளுக்கு அடித்தளமாக இருக்கப்போகிறவை, ஆறேழு இடம் வரை துல்லியமாக இருந்தால் நல்லது. அதனால் இங்கே மட்டும் ஏழு இலக்க மதிப்புகளை எடுத்துக்கொள்கிறேன்: 0.3010300, 0.4771213, 0.8450980. பெருக்குவதற்கும் 0.4342945.

13-ஐ எடுங்கள். 13-க்குப் பக்கத்தில் 12-உம் 14-உம் இருக்கின்றன, இரண்டும் நல்ல எண்கள், ஆனால் எட்டு சதவீதம் தள்ளி. 13-இன் வர்க்கத்தைப் பாருங்கள்: 169. அதற்கு முந்தைய எண் 168, அது 12 × 14! இது தற்செயல் இல்லை. ஓர் எண்ணின் வர்க்கத்தில் 1 குறைத்தால் அது எப்போதும் அந்த எண்ணின் இரு பக்கத்து எண்களின் பெருக்கல்தான். 12-உம் 14-உம் நல்ல எண்களாக இருப்பதால் 168-உம் நல்ல எண். எட்டு சதவீத இடைவெளி அரை சதவீதத்துக்கும் மேல் ஒரு துளியாகச் சுருங்கிவிட்டது.

log 168 = 3 × 0.3010300 + 0.4771213 + 0.8450980 = 2.2253093
0.4342945 ÷ 168.5 = 0.0025774
log 169 = 2.2278867
log 13 = 2.2278867 ÷ 2 = 1.1139433

உண்மை மதிப்பு 1.1139434. கடைசியில் 2-ஆல் வகுப்பதால் இருக்கும் கொஞ்சநஞ்சப் பிழையும் பாதியாகிவிடுகிறது.

இதே வித்தை 11-க்கும் எடுபடும்: 121-க்கு முன்னால் 120. 17-க்கு 289-உம் 288-உம். 19-க்கு 361-உம் 360-உம். 29-க்கு 841-உம் 840-உம், 31-க்கு 961-உம் 960-உம், 41-க்கு 1681-உம் 1680-உம். ஒவ்வொன்றிலும் இரு பக்கத்து எண்களும் 2, 3, 5, 7-க்குள் அடங்குகின்றன. 11-ஐ நீங்களே போட்டுப் பாருங்கள், 1.0413927 வர வேண்டும்.

23-இல் இது தடுக்கும், ஏனென்றால் பக்கத்து எண் 22, அதில் 11 இருக்கிறது. 11-ஐ ஏற்கெனவே கணக்கிட்டிருந்தால் அதைப் பயன்படுத்தலாம்தான், ஆனால் அதன் பிழையும் கூடவே வரும். அதைவிட 23-ஐ ஏதாவது ஒரு சின்ன எண்ணால் பெருக்கி நல்ல எண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோவது சுத்தமான வழி. 23 × 7 = 161, பக்கத்தில் 160.

log 160 = 4 × 0.3010300 + 1 = 2.2041200
0.4342945 ÷ 160.5 = 0.0027059
log 161 = 2.2068259; இதிலிருந்து log 7-ஐக் கழித்தால் log 23 = 1.3617279

இதுவும் ஏழாவது இடத்தில் ஒன்றுதான் கூட. 43-க்கு 7-ஆல் பெருக்கினால் 301, பக்கத்தில் 300. 67-க்கு 3-ஆல் பெருக்கினால் 201, பக்கத்தில் 200. எனக்குப் பிடித்தது 37: அதை 27-ஆல் பெருக்கினால் 999. ஆயிரத்தின் மடக்கைக்கு எதையும் நினைவில் வைத்திருக்கத் தேவையில்லை. 3-லிருந்து 0.4342945 ÷ 999.5, அதாவது 0.0004345-ஐக் கழித்து, பிறகு log 27-ஐக் (3 × 0.4771213) கழித்தால் 1.5682016 கிடைக்கும், உண்மை மதிப்பில் கடைசி இலக்கம் 7. எப்படிப் பெருக்குவது என்பதற்கு விதி எதுவும் இல்லை. 3, 7, 9, 21 என்று பெருக்கிப் பார்த்துக்கொண்டே போனால் எங்காவது ஒரு நல்ல எண்ணுக்கு ஒன்று பக்கத்தில் வந்து நிற்கும்.

இன்னும் ஒரு படி போனால், நீங்கள் மனப்பாடம் செய்திருக்கும் மூன்று எண்களையுமே இப்படிச் சோதித்துவிடலாம். 2-இன் பத்தாம் அடுக்கு 1024, பக்கத்தில் 1000. 24 ÷ 1012 = 0.0237154, அதை 0.4342945-ஆல் பெருக்கினால் 0.0102995. ஆகவே 10 × log 2 = 3.0102995, log 2 = 0.30103. அதே போல 3-இன் நான்காம் அடுக்கு 81, பக்கத்தில் 80, அதற்கு 2-இன் மடக்கை மட்டும் போதும். 7-இன் நான்காம் அடுக்கு 2401, பக்கத்தில் 2400, அதற்கு 2-உம் 3-உம் போதும். நினைவில் இருப்பது 0.4771-ஆ 0.4711-ஆ என்று சந்தேகம் வந்தால் 80-ஐயும் 81-ஐயும் வைத்து ஒரு நிமிடத்தில் தீர்த்துக்கொள்ளலாம். ஜான் நேப்பியர் 1614-இல் மடக்கையை வெளியிட்ட பிறகு, அதைப் பத்தடிமானத்துக்குக் கொண்டுவந்தவர் ஹென்றி பிரிக்ஸ். அவர் 1624-இல் வெளியிட்ட அட்டவணையில் 14 தசம இடம் வரை மதிப்புகள் இருந்தன. எல்லாமே கையால் போட்டவை.

பிழை எங்கே பெருகும் என்பதையும் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். பள்ளியில் பலரும் 0.301, 0.477, 0.845 என்று மூன்று இலக்கத்தோடு மனப்பாடம் செய்கிறார்கள். இதில் log 3 உண்மையைவிட 0.00012 குறைவு. 3-ஐ ஒருமுறை பயன்படுத்தினால் பரவாயில்லை. 243-ஐ அடித்தளமாக எடுத்தால் 3 ஐந்து முறை வருகிறது, பிழையும் ஐந்து மடங்காகி 0.0006 ஆகிவிடும், நான்காவது இடத்துக்கு ஆசைப்படவே முடியாது. அதனால் ஐந்து இலக்கமாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: 0.30103, 0.47712, 0.84510. இதில் முதலாவது உங்களுக்குச் சாதகமானது, ஏழு இலக்கம் எழுதினாலும் அது 0.3010300தான். ஆகவே அடித்தள எண் இரண்டு கிடைத்தால், 2 அதிகமாக வருவதைத் தேர்ந்தெடுங்கள். 3-இன் பெரிய அடுக்குகளைத் தவிருங்கள்.

ஒன்றுக்குக் குறைந்த எண்களில் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். log 0.0583 என்ன? இலக்கங்கள் அதே 583தான், ஆகவே தசமப் பகுதி அதே 0.76567. 0.0583 என்பது 5.83-ஐ 100-ஆல் வகுத்தது, எனவே 0.76567 − 2, அதாவது −1.23433. இதை −2.76567 என்று எழுதிவிடுவது வழக்கமான தவறு. அட்டவணை பார்த்தவர்கள் 2-க்கு மேல் கோடு போட்டு .76567 என்று எழுதுவார்கள். அந்தக் கோடு 2-க்கு மட்டுமே குறை, பின்னால் வருவதற்கு இல்லை. சோதிக்க எளிய வழி: 0.0583 என்பது 0.1-க்கும் 0.01-க்கும் நடுவில் இருக்கிறது, எனவே மடக்கை −1-க்கும் −2-க்கும் நடுவில்தான் வர வேண்டும்.

இதே முறை திரும்பியும் வேலை செய்யும், மடக்கையிலிருந்து எண்ணுக்கு. 13-இன் ஐம்பதாம் அடுக்கில் எத்தனை இலக்கங்கள், அது எதில் தொடங்கும் என்று பார்ப்போம். 50 × 1.1139434 = 55.69717. முழுஎண் பகுதி 55, ஆகவே 56 இலக்கங்கள். தொடக்க இலக்கங்களுக்குத் தசமப் பகுதி 0.69717-ஐ எடுங்கள். நமக்குத் தெரிந்த பக்கத்து மதிப்பு log 5 = 0.69897. வித்தியாசம் 0.00180 குறைவு. இப்போது 0.4343-ஆல் பெருக்காமல் வகுக்கிறோம்: 0.00180 ÷ 0.4343 = 0.00414. அதாவது 5-ஐவிட 0.414 சதவீதம் குறைவு, சுமார் 4.979. ஆக அந்த எண் ஏறக்குறைய 4.979 × 10⁵⁵.

இதையே log 13 = 1.114 என்று வைத்துக்கொண்டு போட்டிருந்தால் 50 × 1.114 = 55.7, எண் 5.01-இல் தொடங்கும் என்று வந்திருக்கும். முதல் இலக்கமே தப்பு. மடக்கையில் இருந்த பிழை 0.00006-க்கும் குறைவுதான், ஐம்பது மடங்கானதும் 0.003-க்குப் பக்கத்தில் வந்துவிட்டது, எண்ணில் அது 0.65 சதவீதம். பெரிய அடுக்குகள் வரும் கணக்கில் இறங்குவதற்கு முன், அடுக்கு எவ்வளவோ அத்தனை மடங்கு பிழை கூடும் என்று பார்த்து, 169-ஐயும் 168-ஐயும் வைத்துச் செய்த மாதிரி ஏழு இலக்கத்தோடு தொடங்குங்கள். அடுக்கு இல்லாமல் ஒரே ஓர் எண்ணின் மடக்கைதான் வேண்டும் என்றால் ஐந்து இலக்கமும் கண்ணில் முதலில் பட்ட பக்கத்து எண்ணும் போதும்.